சீப்பு பட்டாலே சுளீரென்கிறது: பின்தலை வலி நரம்பிலா, தசையிலா?

அவருக்கு 46 வயது. தையல் தொழில். என் எதிரே வந்து உட்கார்ந்தபோது இடப்பக்க முடி எண்ணெய் தடவிப் படிய வாரியிருந்தது. வலப்பக்கம் காதுக்குப் பின்னால் மட்டும் முடி சிக்கேறிக் கிடந்தது. ஐந்து மாதமாக அந்த இடத்தில் சீப்பு வைக்க முடியவில்லையாம். டென்ஷன் தலைவலி என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். மாத்திரை போட்டால் பாரம் குறைகிறது, ஆனால் அந்தச் சுளீர் மட்டும் போகவே இல்லை என்றார். பின்தலையில் கை வைக்கப் போன என்னைத் தடுத்து, "அழுத்துவதாக இருந்தால் அழுத்துங்கள் டாக்டர், தாங்கிக்கொள்கிறேன். லேசாகத் தொட்டுவிடாதீர்கள்" என்றார்.

பின்தலை வலியோடு தலைத்தோல் தொட்டால் நோவு என்று வருகிறவர்களுக்கு இரண்டு பெயர்கள் மாறி மாறிச் சொல்லப்படுகின்றன. ஒன்று டென்ஷன் தலைவலி. மற்றொன்று பின்மண்டை நரம்புவலி. மருத்துவச் சீட்டில் இது ஆக்சிபிடல் நியூரால்ஜியா என்று இருக்கும். முதலாவது மிகமிகப் பொதுவானது. இரண்டாவது அரிது. பொதுவான பெயரே முதலில் வாயில் வருவது இயல்புதான். ஆனால் இரண்டுக்கும் சிகிச்சைப் பாதை வேறு. ஒன்றுக்கு உரிய மருந்தை மற்றொன்றுக்கு மாதக்கணக்கில் கொடுத்தால் வலியும் தீராது, மருந்தே புதிய தலைவலியாகவும் மாறும். எதை நம்பி எந்தப் பாதையில் போவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் கணிப்பைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டிலும் தலை நோகும், இரண்டிலும் பின்தலையைத் தொட்டால் வலிக்கும். அதனால் "தொட்டால் வலிக்கிறதா?" என்று கேட்பதில் பயன் இல்லை. எந்த அடுக்கு நோகிறது, வலி எத்தனை விநாடி நிற்கிறது என்ற இரண்டு கேள்விகள்தான் பெரும்பாலும் வழி காட்டுகின்றன. மேலே சொன்ன பெண்மணி அந்த ஒரே வாக்கியத்தில் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார்.

அடுக்கு என்றால் என்ன என்று புரிய, அந்த நரம்பு போகும் வழியைப் பார்க்க வேண்டும். கழுத்தின் உச்சியில் உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவிலிருந்து இரண்டாம் கழுத்து நரம்பு புறப்படுகிறது. அதன் பின்கிளைதான் பெரிய பின்மண்டை நரம்பு. அது ஆழத்தில் ஒரு தசையைச் சுற்றி வளைந்து, மேலே உள்ள தடித்த கழுத்துத் தசையைத் துளைத்துக்கொண்டு, மண்டையோட்டின் விளிம்பில் தோலுக்கு அடியில் வெளிப்படுகிறது. பின்மண்டையில் கையால் தடவினால் நடுவில் ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். காதுக்குப் பின்னால் இன்னொரு மேடு உண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்தால், நடு மேட்டிலிருந்து சுமார் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இந்த நரம்பு மேலே வருகிறது. அங்கிருந்து உச்சந்தலை வரை கிளை பரப்புகிறது. காதுப்பக்கம் சின்னப் பின்மண்டை நரம்பு என்று இன்னொன்று ஏறுகிறது. இந்த நரம்புகளின் வேலை தோலின் உணர்ச்சியை எடுத்துச்செல்வது. எனவே நரம்பு எரிச்சலுற்றால் அது பரவியிருக்கும் தோலும் முடியும் நோகின்றன. டென்ஷன் தலைவலியில் நோவது அதற்குக் கீழே உள்ள தசை. நெற்றி, பொட்டு, தாடை, பிடரி, தோள் எங்கெல்லாம் தலையைச் சுற்றித் தசை இருக்கிறதோ அங்கெல்லாம் அழுத்தினால் நோகும்.

தமிழில் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கழுத்துத் தசை பிடித்துக்கொண்டாலும் "நரம்பு இழுக்கிறது" என்கிறோம். கையில் ரத்தக்குழாய் புடைத்தாலும் நரம்பு புடைத்திருக்கிறது என்கிறோம். அதனால் நோயாளி "நரம்பு வலி டாக்டர்" என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் வலியின் குணத்தைச் சொல்லத் தமிழில் இருக்கும் சொற்கள் மிகத் துல்லியமானவை. அவற்றை நான் நம்புகிறேன். சுளீர் என்கிறது, சுருக்கென்று தைக்கிறது, ஷாக் அடித்தது போல ஓடுகிறது என்று சொன்னால் என் மனம் நரம்பின் பக்கம் சாயும். பாரமாக இருக்கிறது, இறுக்கிப் பிடித்தது போல, தலையில் துண்டை முறுக்கிக் கட்டியது போல என்றால் தசையின் பக்கம். விண்விண் என்று தெறிக்கிறது என்றால் இரண்டையும் விட்டு ஒற்றைத் தலைவலியை நினைப்பேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

நேரக் கணக்குக்கு வருவோம். சர்வதேசத் தலைவலிச் சங்கம் 2018இல் வெளியிட்ட மூன்றாம் பதிப்பு வகைப்பாட்டில் பின்மண்டை நரம்புவலிக்கு மூன்று குணங்கள் சொல்லப்பட்டுள்ளன: சில விநாடிகள் முதல் சில நிமிடங்கள் வரை நீடிக்கும் தாக்குதல்களாகத் திரும்பத் திரும்ப வருவது, கடுமையாக இருப்பது, பாய்வது, குத்துவது அல்லது கூர்மையாக இருப்பது. இவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். டென்ஷன் தலைவலிக்கு அதே நூல் 30 நிமிடம் முதல் ஏழு நாள் வரை என்று கணக்குச் சொல்கிறது. அது பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும், இறுக்கமாக இருக்கும், லேசாகவோ நடுத்தரமாகவோ இருக்கும், மாடிப்படி ஏறினாலும் நடந்தாலும் அதிகமாகாது. ஒன்றின் அளவு விநாடி, மற்றொன்றின் அளவு மணி. காகிதத்தில் இதைவிடத் தெளிவான வேறுபாடு இருக்க முடியாது.

நோயாளியின் வாயில் மட்டும் இந்தத் தெளிவு இருப்பதில்லை. "வலி எவ்வளவு நேரம் இருக்கிறது?" என்று கேட்டால் நரம்புவலிக்காரரும் "நாள் முழுக்க" என்றே சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. சுளீர், சுளீர் என்று பத்து முறை பாய்ந்த பிறகு, அந்த இடத்தில் ஒரு மந்தமான நோவு தங்கிவிடுகிறது. அடுத்தது எப்போது வருமோ என்று கழுத்தை அசைக்காமல் வைத்திருப்பதால் பிடரித் தசையும் இறுகிவிடுகிறது. அந்த இறுக்கம் நிஜமான டென்ஷன் தலைவலி போலவே நடந்துகொள்ளும், வலி மாத்திரைக்கும் கொஞ்சம் அடங்கும். அடங்கியதைப் பார்த்து, "சரியான மருந்துதான், அளவு போதவில்லை" என்று எல்லோரும் முடிவு செய்துவிடுகிறார்கள். தவறு நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அதனால் நான் கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். "மிக மோசமான வலி வந்த நொடியை நினைத்துக்கொள்ளுங்கள். அது தொடங்கியதும் எண்ண ஆரம்பித்தால், எத்தனை வரை எண்ணுவதற்குள் அடங்கும்?" அந்தப் பெண்மணி கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்து எண்ணினார். "நாலு. சில நேரம் ஐந்து" என்றார். பிறகு அவரே தொடர்ந்தார்: "நின்றதும் கொஞ்சம் மூச்சு விடுவேன், மறுபடி வரும்." இரு பக்கமும் இறுக்கிக் கட்டியது போல் வலிக்கும் ஒருவரிடம் இதே கேள்வியைக் கேட்டால் அவருக்குக் கேள்வியே விளங்காது. அவருடைய வலியில் எண்ணக்கூடிய நொடி எதுவும் இல்லை.

அடுத்தது கை. மருத்துவர் செய்வதுதான், ஆனால் வீட்டில் யாராவது உதவினால் ஓரளவு நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வரிசை முக்கியம்: மெல்லியதிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் பின்தலையில் நாலைந்து முடியைப் பிடித்து வளரும் திசைக்கு எதிராக மெல்ல மடக்க வேண்டும். பிறகு ஒரு பஞ்சுத் துணுக்கால் தோலைத் தடவ வேண்டும். மறுபக்கத்திலும் அதையே செய்து ஒப்பிட வேண்டும். பஞ்சு பட்டாலே எரிகிறது, கூசுகிறது, அல்லது மரத்துப்போன தோலின் மேல் தொடுவது போல விநோதமாக இருக்கிறது என்றால், நோவு தோலில் இருக்கிறது, அதாவது நரம்பில். வலி வராத, சாதாரணமான தொடுதலே வலியாக மாறுவதுதான் இதன் அடையாளம். அதன் பிறகே அழுத்திப் பார்க்க வேண்டும். முன்பு சொன்ன மூன்றில் ஒரு பங்கு இடத்தில் விரல் நுனியால் அழுத்தும்போது, வலி அங்கேயே நிற்கிறதா, அல்லது உச்சந்தலைக்கு ஓடுகிறதா? ஓடினால் நரம்பு. அந்த இடத்தை விரலால் தட்டினாலும் சிலருக்கு அதே மின்னல் ஓடும். அழுத்திய இடத்திலேயே கனமாக, நோவுக்குள் ஒருவிதச் சுகமும் கலந்து, "ஆமாம், அங்கேதான், இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள்" என்று சொல்ல வைத்தால் அது தசை. டென்ஷன் தலைவலிக்காரருக்குப் பின்தலையைப் பிடித்துவிட்டால் இதம். நரம்புவலிக்காரர் உங்கள் கையைத் தட்டிவிடுவார்.

நான் பார்க்கும் இன்னொரு சாட்சி தலையணை. மல்லாந்து படுத்துத் தலையணையில் பின்தலையை அழுத்தும்போதும், கழுத்தை லேசாகப் பின்னுக்குச் சாய்த்துத் திருப்பும்போதும் நரம்புவலி கிளம்பும். அதனால் இவர்கள் பல நாள் குப்புறவோ, ஒரே பக்கம் ஒருக்களித்தோ படுக்கப் பழகியிருப்பார்கள். டென்ஷன் தலைவலிக்காரருக்குப் படுத்தால் பொதுவாக ஆறுதல்தான்.

கண்ணுக்குப் பின்னால் வலி வருவதைப் பார்த்து யாரும் தடம் மாற வேண்டாம். பின்தலை நரம்பு எரிச்சலுறும்போது அதே பக்கக் கண்ணின் பின்னாலும் நோவு தெரியலாம். காரணம், மேற்கழுத்து நரம்புகளும் முகத்தின் உணர்ச்சி நரம்பும் மூளைத்தண்டின் அடியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. அங்கே செய்தி கலந்துபோவதால், பின்னால் எழுந்த வலி முன்னால் இருப்பதாக மூளை படித்துக்கொள்கிறது.

அதே கலப்புத்தான் ஒற்றைத் தலைவலியை, அதாவது மைக்ரேனை, இந்த ஒப்பீட்டின் நடுவே இழுத்துக்கொண்டு வருகிறது. மைக்ரேனில் கழுத்து வலிப்பது சாதாரணம். தலைத்தோல் கூசுவதும் சாதாரணம். முடி பின்ன முடியவில்லை, கம்மல் போட முடியவில்லை என்று அவர்களும் சொல்வார்கள். என் அனுபவத்தில், "பின்மண்டை நரம்புவலி" என்று எழுதப்பட்ட சீட்டோடு வருகிறவர்களில் பலர் உண்மையில் மைக்ரேன்காரர்கள். பிரித்தறியும் கேள்விகள் எளிமையானவை. வலி நாலு மணி நேரத்துக்கு மேல் நிற்கிறதா? குமட்டுகிறதா? வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து பிடிக்காமல் போகிறதா? இருட்டு அறையில் படுக்கத் தோன்றுகிறதா? இவற்றுக்கு ஆம் என்றால், பின்தலை எவ்வளவு நொந்தாலும், இந்தக் கட்டுரையின் இரு பெயர்களையும் விட்டுவிட்டு மைக்ரேனுக்கான சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

அவசரமானவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இவை தவறினால் திரும்பப் பெற முடியாது. 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைத்தோல் நோவு வந்தால், அதிலும் மெல்லும்போது தாடை வலித்தால், பார்வை ஒரு நொடி மங்கித் திரும்பினால், உடல் இளைத்தால், தலையின் ரத்தக்குழாய்களில் வரும் அழற்சியை முதலில் நினைக்க வேண்டும். பொதுவாகப் பொட்டில்தான் தெரியும் என்றாலும் பின்தலைக் குழாயையும் அது தாக்கும். கவனிக்காமல் விட்டால் கண் போகும். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகளுக்கு அன்றைக்கே போக வேண்டும். சந்தேகம் வலுவாக இருந்தால் மருத்துவர் முடிவுக்குக் காத்திராமல் ஸ்டீராய்டு தொடங்குவார். திடீரென்று, இதுவரை கண்டிராத கடுமையோடு ஒரு பக்கக் கழுத்திலும் பின்தலையிலும் வலி வெடித்தால், அதோடு தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நா குழறல் சேர்ந்தால், கழுத்து ரத்தக்குழாயின் சுவர் கிழிந்திருக்கலாம். கழுத்தைச் சொடுக்கிவிட்ட பிறகு வந்த வலி என்றால் சந்தேகம் இரு மடங்கு. இதற்கு அவசர சிகிச்சைப் பிரிவுதான் இடம். காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும் அப்படியே. ஒரு பக்கம் எரிச்சலாகத் தொடங்கி நாலைந்து நாள் கழித்துக் கொப்புளம் கிளம்பினால் அது அக்கி. முடிக்குள் ஒளிந்திருக்கும், விளக்கு வைத்துத் தேடிப் பார்க்க வேண்டும்.

நம் தையல்காரப் பெண்மணியிடம் இவை எதுவும் இல்லை. நான் உடனே ஊசியை எடுக்கவில்லை. ஒரு சின்ன நோட்டில் இரண்டு வாரம் குறித்துவரச் சொன்னேன். மின்னல் போல் பாய்ந்தால் ஒரு "மி", பாரமாக இருந்தால் ஒரு "பா", மாத்திரை போட்டால் ஒரு கோடு. எழுத்து அதிகம் இருந்தால் யாரும் குறிக்க மாட்டார்கள், அதனால்தான் இவ்வளவு சுருக்கம்.

நோட்டு திரும்பி வந்தபோது அதிலேயே பாதி பதில் இருந்தது. "மி" எல்லாம் வலப்பக்கம் மட்டும். காலையில் தலை வாரும் நேரத்திலும், இரவில் படுத்த அரை மணியிலும் கொத்துக்கொத்தாக. "பா" இரு பக்கமும். பிற்பகலில், மெஷினில் குனிந்து நாலைந்து மணி நேரம் தைத்த பிறகு. கோடுகள் 14 நாளில் 11. முதல் வாரத்தில் ஒரு நாள் வேலைக்கே போகவில்லை. அன்று "பா" ஒன்றுகூட இல்லை, "மி" மட்டும் இருந்தது. அதாவது இவருக்கு இரண்டுமே இருந்தன. முன்பு பார்த்தவர்கள் சொன்ன டென்ஷன் தலைவலி தவறல்ல. அது கதையின் பாதி. நோயாளியை அதிகம் வாட்டிய மீதிப் பாதி விடுபட்டிருந்தது.

கோடுகளின் எண்ணிக்கை எனக்குக் கவலை தந்தது. பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்ற தனி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து கலந்த மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால் அந்த மாத்திரையே தினசரித் தலைவலியை உண்டாக்கும். இவர் அந்த எல்லையைத் தாண்டியிருந்தார். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம் என்று முதலில் அதைக் குறைத்தோம். நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரம் பாரம் கூடும். அதைச் சொல்லாமல் நிறுத்தச் சொன்னால் நோயாளி நம்பிக்கை இழப்பார்.

இனி சிகிச்சைத் தேர்வு. டென்ஷன் தலைவலி மட்டும்தான் என்று தெரிந்தால் பாதை நீளமானது, ஆனால் மென்மையானது. எப்போதாவது வந்தால் அன்றைக்கு ஒரு வலி மாத்திரை போதும். மாதத்தில் பாதி நாள் வருகிறது என்றால் வலி மாத்திரையை நம்பக் கூடாது; தடுப்பு மருந்து வேண்டும். அமிட்ரிப்டிலின் இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். பலன் தெரியச் சில வாரமாகும். இதோடு பிடரிக்குப் பயிற்சி, உட்காரும் முறையில் மாற்றம், தூக்கம். பெயரில் டென்ஷன் இருப்பதால் மனக்கவலைதான் காரணம் என்று பலர் நினைத்துக் குன்றிப்போகிறார்கள். கவலை இதைக் கூட்டலாம். கவலையே இல்லாதவருக்கும் இது வரும்.

நரம்புவலி என்றால் வழக்கமான வலி மாத்திரைகள் பெரிதாக உதவுவதில்லை. கபபென்டின், பிரீகபாலின், கார்பமசெபின் போன்ற நரம்பை அமைதிப்படுத்தும் மருந்துகள் ஒரு வழி. இவை மயக்கம், தள்ளாட்டம் தரும். கார்பமசெபின் தோலில் ஆபத்தான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. ஆசிய வம்சாவளியினர் சிலரிடம் உள்ள ஒரு மரபணு அந்த ஆபத்தைக் கூட்டும் என்பதால் தொடங்கும் முன் அதைச் சோதிப்பது உண்டு. இன்னொரு வழி நரம்பைச் சுற்றி மரப்பு ஊசி போடுவது. நாள் முழுக்க ஊசியும் கத்தரியும் கையில் வைத்து வேலை செய்கிற பெண்ணுக்கு மயக்கம் தரும் மாத்திரையைவிட மரப்பு ஊசி முதலில் வருவது நியாயம் என்று எனக்குப் பட்டது. அவருக்கும் அதுவே விருப்பம். உறுதியாகத் தெரியாத நிலையில் நடுவழி ஒன்றும் இருக்கிறது: அமிட்ரிப்டிலின் டென்ஷன் தலைவலி, நரம்புவலி, மைக்ரேன் மூன்றிலுமே பயன்படுத்தப்படுகிறது. எது என்று பிடிபடாதபோது அதிலிருந்து தொடங்குவதில் தவறில்லை. கண்ணழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, சிறுநீர் அடைப்பு உள்ளவர்கள் மட்டும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஊசிக்கு முன்னால் கழுத்துக்கும் தலைக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். பெரும்பாலும் நரம்பு ஏன் எரிச்சலுறுகிறது என்று கண்டுபிடிக்க முடிவதில்லை. ஆனால் மேற்கழுத்து மூட்டுத் தேய்மானம், பழைய அடி, அரிதாகக் கட்டி போன்றவை இல்லை என்று பார்த்துக்கொள்வது நல்லது. வாதமூட்டழற்சி உள்ளவர்களுக்கு மேல் இரண்டு எலும்புகள் நிலைதவறியிருக்கலாம் என்பதால் இது கட்டாயம். இவருக்கு எல்லாம் சரியாக இருந்தது.

ஊசி போடுவது பத்து நிமிட வேலை. நோயாளி மேஜையின் மேல் கைகளை மடித்து அதில் நெற்றியைச் சாய்த்து உட்காருவார். எலும்பு மேட்டைத் தடவி, மூன்றில் ஒரு பங்கு இடத்தைக் குறித்துக்கொள்வோம். அங்கே பின்தலை ரத்தக்குழாயின் துடிப்பு விரலுக்குத் தெரியும். நரம்பு அதன் உட்பக்கம், தலையின் நடுவை ஒட்டி இருக்கும். மெல்லிய ஊசி எலும்பைத் தொடும்வரை போய், சிறிது பின்வாங்கி, ரத்தம் வருகிறதா என்று இழுத்துப் பார்த்து, லிக்னோகெயின் போன்ற மரப்பு மருந்தை இரண்டு மூன்று மில்லி விசிறி போலச் செலுத்துவோம். சிலர் ஸ்டீராய்டு சேர்ப்பார்கள். அது சேர்ந்தால் அந்த இடத்தில் தோல் குழிந்து சிறு வட்டமாக முடி உதிரக்கூடும். இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு நீங்களே முடிவு செய்ய வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், மரப்பு ஊசி ஒத்துக்கொள்ளாதவர்கள், பின்மண்டையில் எலும்பு எடுத்த அறுவை செய்தவர்கள் இதை முதலில் சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னவர்களுக்கு இந்த ஊசி ஆபத்து; எலும்பு இல்லாத இடத்தில் மருந்து உள்ளே போய்விடும்.

இந்த ஊசி சிகிச்சை மட்டுமல்ல, பரிசோதனையும்கூட. மரத்தவுடன் வலி தற்காலிகமாகவாவது நின்றால்தான் பின்மண்டை நரம்புவலி என்று உறுதியாகச் சொல்லலாம் என்பது வகைப்பாட்டின் விதி. ஆனால் நின்றது என்பதற்காக மட்டும் உறுதி செய்துவிடக் கூடாது. மைக்ரேனும், கண்ணைச் சுற்றிக் கொத்தாக வரும் கிளஸ்டர் தலைவலியும் இதே ஊசிக்கு அடங்கும். கதையும், பஞ்சுச் சோதனையும், ஊசியின் பலனும் மூன்றும் ஒரே திசையைக் காட்ட வேண்டும். மருந்து சரியான இடத்தில் சேர்ந்ததா என்பதையும் பார்க்க வேண்டும்: பின்தலை மரத்தும் வலி போகவில்லை என்றால் நரம்புவலி என்ற கணிப்பையே மறுபடி யோசிக்க வேண்டும், மரக்கவே இல்லை என்றால் ஊசி தவறிய இடத்தில் போயிருக்கிறது, அதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. வெறும் டென்ஷன் தலைவலிக்கு இந்த ஊசியால் பெரிய பயன் எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு பின்தலை வலிக்கும் ஊசி கேட்பது வீண்.

அவருக்குப் பத்து நிமிடத்தில் உச்சந்தலை வரை மரத்தது. கைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தயங்கித் தயங்கி வலப்பக்கம் வைத்தார். முதலில் நுனி முடியில், பிறகு வேரில். ஒன்றும் ஆகவில்லை. ஐந்து மாதச் சிக்கை அங்கேயே உட்கார்ந்து எடுத்து முடித்தார். நான் அடுத்த நோயாளியைக் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னேன்.

மரப்பு மாலைக்குள் போய்விட்டது. மருந்தின் வேலை சில மணி நேரம்தான், ஆனால் நிம்மதி பலருக்கு வாரக்கணக்கில் நிற்கும். இவருக்கு ஆறு வாரம் "மி" எழுத வேண்டியிருக்கவில்லை. ஏழாம் வாரம் மீண்டும் வந்தது, முன்பைவிட லேசாக, நாளுக்கு இரண்டு மூன்றாக. இரண்டாவது ஊசி போட்டோம். அது போதாமல் போனால் மருந்து மாத்திரை, அதற்கும் அடங்காவிட்டால் நரம்பை ரேடியோ அலைத் துடிப்புகளால் அடக்கும் முறை என்று அடுத்த படிகள் இருக்கின்றன. அறுவை மிகக் கடைசி. "பா" இதற்குள் பாதியாகக் குறைந்திருந்தது. அதற்கு ஊசி காரணமல்ல. மெஷின் மேஜையை நாலு அங்குலம் உயர்த்தியிருந்தார், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நின்றார், மாத்திரைக் கோடுகள் மாதத்துக்கு ஐந்தாகியிருந்தன. பிற்பகல் பாரம் இன்னும் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வருகிறது என்றார். அது தசையின் பங்கு. அதற்கு அமிட்ரிப்டிலின் வேண்டுமா என்று கேட்டேன். வாரத்தில் இரண்டு நாள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம், இப்போதைக்கு வேண்டாம் என்றார். நோட்டை மட்டும் தொடர்ந்து எழுதுகிறார்.